“எந்த விற்பனை, அக்கா?”

2024 செப்டம்பர் 30, திங்கட்கிழமை காலை. எங்கள் அலுவலகத்தில் தரவுப் பகுப்பாய்வு பார்க்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்பினேன்: “தம்பி, கடை வாரியாக விற்பனை டாஷ்போர்ட் ஒன்று வேண்டும். அடுத்த திங்கள் கூட்டத்தில் முதலாளிக்குக் காட்டணும். தீபாவளி நெருங்குது.” அவரும் “சரி அக்கா” என்று பதில் போட்டுவிட்டு வேலையில் இறங்கிவிட்டார். அந்த வாரம் முழுக்க அவர் பட்ட பாட்டுக்கு நான்தான் காரணம் என்பது அடுத்த திங்கட்கிழமைதான் எனக்குப் புரிந்தது.

நாங்கள் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் செம்பனையும் ரப்பரும். எங்கள் கம்பெனிக்குப் பட்டணத்தில் ஒரு கிடங்கும் மளிகைக் கடையும், லிந்தாங் பக்கம் ஒரு கடை, கோலகங்சாரில் ஒரு கடை. இவை தவிர, தோட்டங்களுக்குள் இருக்கும் சின்னக் கடைகளுக்கு லோரியில் சரக்கு அனுப்பிக் கடனுக்கு விற்கிறோம். நான் விற்பனை மேற்பார்வை பார்க்கிறேன்.

அக்டோபர் 7-ஆம் தேதி கூட்டத்தில் தம்பி திரையைப் போட்டார். பதினோரு வரைபடங்கள், பார்க்க நன்றாகவே இருந்தன. செப்டம்பர் மொத்த விற்பனை 486,200 ரிங்கிட் என்று மேலே பெரிய எழுத்தில் நின்றது. கணக்கு பார்க்கும் அண்ணன் தன் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், “நம்ம கணக்கில் 441,750தானே?” என்றார். அதற்கப்புறம் மற்ற பத்து வரைபடங்களை யாரும் பார்க்கவில்லை. முதல் எண் பொருந்தவில்லை என்றால் மற்ற எண்களை நம்ப யாருக்கும் மனம் வராது.

கூட்டம் முடிந்ததும் மூவரும் உட்கார்ந்து அந்த 44,450 ரிங்கிட்டைத் தேடினோம். முழு ரிங்கிட்டாகவே சொல்கிறேன்.

பெரிய பங்கு 36,900. கிடங்கிலிருந்து எங்கள் சொந்தக் கடைகளுக்குச் சரக்கு போகும்போது, கணக்கு மென்பொருளில் அதற்கும் ஓர் இன்வாய்ஸ் போடுவது எங்கள் பழைய வழக்கம். அதே அரிசி கடையில் விற்கும்போது கல்லா இயந்திரத்தில் இன்னொரு முறை பதிவாகிறது. தம்பி இரண்டு கோப்புகளையும் சேர்த்துக் கூட்டியிருந்தார். கோப்பை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை, ஏனென்றால் எங்கள் கடையும் அங்கே ஒரு வாடிக்கையாளர் பெயராகத்தான் நிற்கிறது.

அடுத்து 5,310. உடைந்த எண்ணெய், வண்டு விழுந்த பருப்பு, தோட்டக் கடைகள் திருப்பி அனுப்பியவை என்று போட்ட கிரெடிட் நோட்டுகளின் தொகை இது. அவை வேறு கோப்பில் இருந்தன, நான் சொல்லாததால் கழிக்கப்படவில்லை.

மீதி 2,240. மாதக் கடைசியில் லோரி இறக்கிய சரக்குக்கு டெலிவரி ஆர்டர் செப்டம்பரில், இன்வாய்ஸ் அக்டோபரில். தம்பி டி.ஓ. தேதியை எடுத்திருந்தார். கணக்கு அண்ணன் எடுப்பது இன்வாய்ஸ் தேதி. இரண்டு பேரும் சரி. “விற்பனை” என்ற சொல்லுக்கு எந்தத் தேதி என்று நான் சொல்லவே இல்லை.

அப்போது தம்பி கேட்டார்: “அக்கா, நீங்க விற்பனைன்னு சொன்னது எந்த விற்பனை?” அவர் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் நான் முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

மறுநாள், அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை. இந்த முறை வாட்ஸ்அப் வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதினேன். எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. முதல் பத்தி எண்களைப் பற்றியே இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்துவிட்டு என்ன செய்யப் போகிறார்கள் என்பதுதான் அது:

“இதைத் திங்கள் காலை 8.30-க்கு முதலாளியும் நானும் பார்ப்போம். பார்த்துவிட்டு இரண்டு முடிவுகள் எடுப்போம். ஒன்று, இந்த வாரம் எந்தக் கடைக்கு லோரி முதலில் போக வேண்டும், எந்தச் சரக்கோடு. இரண்டு, எந்தத் தோட்டக் கடைக்குப் பாக்கி கட்டும்வரை கடன் நிறுத்த வேண்டும்.”

இதை எழுதியதுமே பதினொன்றில் ஏழு வரைபடங்கள் தேவையில்லை என்று தம்பியே சொல்லிவிட்டார். எந்த நேரத்தில் கூட்டம் அதிகம், எந்தக் கல்லாவில் அதிக ரசீது என்பதெல்லாம் நல்ல தகவல்கள்தான். ஆனால் லோரியை எங்கே அனுப்புவது என்பதற்கு அவை உதவாது.

அப்புறம் அளவுகள். மூன்றே மூன்று கேட்டேன். நிகர விற்பனை, மொத்த லாபம், தவணை தாண்டிய பாக்கி. ஒவ்வொன்றுக்கும் எது சேரும், எது சேராது என்று பேச்சுத் தமிழில் எழுதினேன். நிகர விற்பனைக்கு எழுதியது இது: “இன்வாய்ஸ் தேதிப்படி. கடைகளில் கல்லா ரசீதுத் தேதிப்படி. கிரெடிட் நோட் கழித்து. நம் சொந்தக் கடைகளுக்குப் போகும் இன்வாய்ஸ் சேராது. செப்டம்பருக்கு இது 441,750 வர வேண்டும். வரவில்லை என்றால் மேலே போகாமல் என்னைக் கூப்பிடுங்கள்.” கடைசி வரிதான் மிகவும் பயன்பட்டது. ஏற்கெனவே முடிந்துபோன ஒரு மாதத்தின் சரியான விடையைக் கையில் கொடுத்துவிட்டால், செய்பவர் தன் வேலையைத் தானே சரிபார்த்துக்கொள்ளலாம்.

தம்பி அதை பவர் பிஐ என்ற டாஷ்போர்ட் மென்பொருளில் இப்படி எழுதினார்:

```
Net Sales =
CALCULATE(
    SUM(Lines[Amount]) - SUM(CreditNotes[Amount]),
    Customer[Type] <> "BRANCH"
)
```

இதில் கவனிக்க வேண்டியது, கழித்தலும் அடைப்புக்குள்ளேயே இருப்பது. முதலில் அவர் கிரெடிட் நோட்டை வெளியே வைத்துக் கழித்தார். அப்போது எங்கள் சொந்தக் கடைகளுக்குப் போட்ட கிரெடிட் நோட்டும் சேர்ந்து கழிந்து, மொத்தம் கொஞ்சம் குறைவாக வந்தது. 441,750 என்ற எண் கையில் இருந்ததால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

எல்லாம் சரியான பிறகும் சில ரிங்கிட் இடித்துக்கொண்டே இருந்தது. காரணம் ஐந்து காசு. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையைப் பக்கத்து ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறோம் அல்லவா? கல்லாவின் நாள் மொத்தத்தில் அந்தச் சரிக்கட்டல் சேர்ந்திருக்கிறது, பொருள் வரிகளின் கூட்டலில் இல்லை. அட்டையிலோ கைப்பேசியிலோ கட்டும் ரசீதுகளுக்குச் சரிக்கட்டல் கிடையாது என்பதால் வித்தியாசம் நாளுக்கு நாள் மாறும். பொருள் வரிகளையே எடுத்துக்கொள்வோம், சரிக்கட்டல் தனி வரியில் நிற்கட்டும் என்று முடிவு செய்தோம். ஒரு நாள் முழுக்க இதைத் தேடிக் களைத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

மொத்த லாபத்தைக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. மானிய விலையில் வரும் ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலம் 2.50 ரிங்கிட். அது வந்த நாளில் கடையில் கூட்டம் அலைமோதும், விற்பனைக் கோடு எகிறும், ஆனால் அதில் எங்களுக்கு நிற்பது மிகக் குறைவு. விற்பனையை மட்டும் பார்த்தால் எண்ணெய் வந்த கடைதான் நன்றாக நடக்கிறது என்று தோன்றிவிடும். லாபத்துக்கு எந்தக் கொள்முதல் விலை என்பதையும் எழுத வேண்டியிருந்தது. கடைசியாக வாங்கிய விலையா, சராசரி விலையா? கணக்கு மென்பொருள் சராசரியைத்தான் வைத்திருக்கிறது, அதையே எடுத்தோம். பாக்கிக்கு, நாட்களை இன்வாய்ஸ் தேதியிலிருந்து எண்ணாமல் தவணை முடிந்த தேதியிலிருந்து எண்ணச் சொன்னேன்.

இப்போது எனக்கே அதிகம் கற்றுக்கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். எதோடு எதை ஒப்பிடுவது?

முதல் திரையில் “சென்ற வாரத்தைவிட” என்று ஓர் அம்பு இருந்தது. கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு. செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்கு மூன்று கடைக்கும் சிவப்பு. அதைப் பார்த்ததும் முதலாளி லிந்தாங் கடைப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று கேட்டேவிட்டார். பாவம், அங்கே ஒன்றும் ஆகவில்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும். அதனால் தோட்டத்தில் சம்பளம் மாதத்தின் முதல் வாரத்தில் விழுகிறது. அந்த வாரம்தான் அரிசி, எண்ணெய், பால் மாவு எல்லாம் மூட்டையாகப் போகும். அடுத்த வாரம் எந்த மாதமும் இறங்கத்தான் செய்யும். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியும், ஆனால் ஈப்போவில் வளர்ந்த தம்பிக்கு நான் சொல்லவில்லை. எனவே வாரத்தை முந்தைய வாரத்தோடு ஒப்பிட வேண்டாம், மாதத்தின் முதல் ஏழு நாளைப் போன மாதத்தின் முதல் ஏழு நாளோடு ஒப்பிடுங்கள் என்று எழுதினேன்.

அடுத்தது தீபாவளி. “போன வருடம் இதே மாதம்” என்று ஒப்பிட்டால் எங்கள் தொழிலில் தப்பான விடைதான் வரும். 2023-இல் தீபாவளி நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. அப்படி ஒப்பிட்டால் அக்டோபர் பிரமாதம் என்றும் நவம்பர் படுத்துவிட்டது என்றும் காட்டும், இரண்டுமே பொய். ஆகவே தேதியை விட்டுவிட்டுத் தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணச் சொன்னேன். அக்டோபர் 14-இல் இன்னும் 17 நாள். போன வருடம் அதே 17 நாள் இருந்தது அக்டோபர் 26-இல். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. தம்பி நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “அக்கா, சம்பள வாரம் எங்கே விழுது பாருங்க” என்றார். 2024-இல் சம்பள வாரம், அக்டோபர் 1 முதல் 7 வரை, தீபாவளிக்கு மூன்று வாரத்துக்கும் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. 2023-இல் நவம்பர் 1 முதல் 7, அதாவது பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் ஒட்டி வந்தது. நாள் எண்ணி ஒப்பிட்டாலும் ஒரு வருடத்தில் கையில் காசு இருக்கும் வாரமும் இன்னொரு வருடத்தில் காசு தீர்ந்த வாரமும் எதிரெதிரே நிற்கும். பண்டிகைக்கு எப்போது முன்பணம் தருகிறார்கள் என்று பெரிய தோட்டங்களின் கிராணிமார்களைக் கேட்டுத் தேதிகளைக் குறித்துக்கொண்டோம்.

கடைசியில் தம்பி கண்ட வழி இது. தீபாவளிக்கு 35 நாள் முன்னாலிருந்து விற்பனையைக் கூட்டிக்கொண்டே போகும் இரண்டு கோடுகள், ஒன்று இந்த வருடம், மற்றது போன வருடம். ஏன் 35? 2024-இல் அது செப்டம்பர் 26-இல் தொடங்குகிறது, 2023-இல் அக்டோபர் 8-இல். இரண்டுக்குள்ளும் ஒரே ஒரு சம்பள வாரம்தான் அடங்குகிறது. 42 நாள் என்று எடுத்திருந்தால் 2023-இல் இரண்டு சம்பள வாரம் வந்திருக்கும். சம்பள நாட்களைக் கோட்டின் மேல் புள்ளியாகவும் வைத்தார். இந்தக் கோடுகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அக்டோபர் நடுவில் இந்த வருடக் கோடு மேலே இருப்பது இயல்பு, ஏனென்றால் இந்த வருடம் சம்பளம் வந்துவிட்டது, போன வருடம் அந்தக் கட்டத்தில் வரவில்லை. மேலே இல்லாமல் சமமாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அதனால் சிவப்பு, பச்சை அம்பை எடுத்துவிட்டோம்.

தரவு எங்கே கிடைக்கும் என்பதற்கும் முன்பு நான் ஒரே சொல்லில் “சிஸ்டத்தில் இருக்கு” என்று சொல்லியிருந்தேன். இப்போது நான்கு இடங்களையும், ஒவ்வொன்றையும் யார் வைத்திருக்கிறார்கள், எப்போது புதுப்பிக்கிறார்கள் என்பதையும் எழுதினேன். கல்லா இயந்திரக் கோப்பு கடை மூடியதும் ஒவ்வொரு இரவும் வரும். கணக்கு மென்பொருளின் இன்வாய்ஸ், கிரெடிட் நோட் கோப்பைக் கணக்கு அண்ணன் எடுத்துத் தருவார். பொருள் பட்டியல் கொள்முதல் மேசையில் ஓர் எக்செல் கோப்பாக இருக்கிறது. நான்காவது, லோரி அண்ணனின் டி.ஓ. புத்தகம், அது காகிதம்.

பொருள் பட்டியலில் ஒரே பத்து கிலோ அரிசிக்குப் பட்டணக் கடையில் BR10 என்றும், லிந்தாங்கில் BERAS10 என்றும் குறியீடு. இவற்றை ஒன்றாக்க ஓர் இணைப்புப் பட்டியல் வேண்டும், அதைத் தம்பியால் தனியாகச் செய்ய முடியாது, சரக்கு தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதிகம் விற்கும் 120 பொருட்களுக்கு மட்டும் முதலில் செய்தோம், மற்றவை “இதர” என்று நிற்கட்டும் என்று விட்டோம். அந்த “இதர” எவ்வளவு என்பதைத் திரையில் காட்டச் சொன்னேன், அது பெருத்தால் பட்டியலை நீட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

டி.ஓ. புத்தகத்தில் வேறு சிக்கல். தோட்டத்துக்குப் பலகையில் ஒரு பெயர் இருக்கும், நம் மக்கள் தலைமுறையாகக் கூப்பிடும் தமிழ்ப் பெயர் இன்னொன்று இருக்கும். இன்வாய்ஸில் பலகைப் பெயர், லோரி அண்ணன் எழுதுவது நம் பெயர். அவரை உட்கார வைத்து ஒரு மாலைப் பொழுதில் இரண்டு பெயர்களையும் வாடிக்கையாளர் எண்ணோடு சேர்த்து எழுதினோம். வியாழன் இறக்கிய சரக்குக்குத் திங்கள்தான் இன்வாய்ஸ் ஆகிறது என்பதால், காலைத் திரையில் அந்த விற்பனை இருக்காது. அதை நிகர விற்பனையில் கலக்காமல், “இன்வாய்ஸ் ஆகாத டி.ஓ.” என்று பக்கத்தில் தனி எண்ணாக வைத்தோம்.

கோலகங்சார் கடைக்குக் கல்லா இயந்திரம் வைத்ததே 2024 பிப்ரவரியில்தான். அதற்கு முன் விற்றதற்குப் பொருள் வாரியான பதிவே இல்லை. போன வருடக் கோட்டை ஏதாவது கணக்குப் போட்டு வரையலாமா என்று முதலாளி கேட்டார். தம்பி வேண்டாம் என்றார், நானும் அவர் பக்கம் நின்றேன். அந்தக் கடைக்கு ஒரே கோடுதான்.

கெடு சொல்வதிலும் முதல் முறை தவறியிருந்தேன். “அடுத்த திங்கள்” என்பது கூட்டத்தின் தேதி. உண்மையான கெடு வேறு: தீபாவளிச் சரக்குக்கு மொத்த வியாபாரி கடைசி ஆர்டர் எடுப்பது அக்டோபர் 18 வெள்ளி. அதற்கு முந்தைய திங்கள் 14-இல் திரை கையில் இல்லை என்றால் அது இந்த வருடத்துக்கு வீண். அந்தக் காரணத்தையும் தாளில் எழுதி, நடுவில் இரண்டு நிறுத்தம் வைத்தேன். 9-ஆம் தேதி புதன், வரைபடம் எதுவும் வேண்டாம், செப்டம்பர் எண் பொருந்தும் ஓர் அட்டவணை மட்டும். 11 வெள்ளி, நிகர விற்பனையும் பாக்கியும் திரையில். லாபம் நவம்பர் 4-க்குள் வந்தால் போதும். எது பின்னால் வரலாம் என்று சொல்லாவிட்டால், செய்பவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்து எல்லாவற்றிலும் அவசரப்படுவார்.

14-ஆம் தேதி காலை திரை வந்தது. இரண்டு வரைபடம், ஓர் அட்டவணை. செப்டம்பர் எண் பொருந்தியது. கணக்கு அண்ணன் தலையாட்டினார். பட்டணக் கடையின் கோடு போன வருடத்துக்கு மேலே, எதிர்பார்த்தபடி. லிந்தாங் கோடு போன வருடத்தோடு ஒட்டிக்கொண்டே போயிற்று. சம்பள வாரம் முடிந்த பிறகும் அது மேலே ஏறவில்லை.

பொருள் வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். அக்டோபர் 5 முதல் 9 வரை லிந்தாங்கில் உளுந்தும் அரிசி மாவும் ஒன்றுகூட விற்கவில்லை. முறுக்குக்கு மாவு வாங்கும் நேரத்தில் ஐந்து நாள் சுழியம். கடைப் பொறுப்பாளரைக் கேட்டோம், இந்த முறை என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்டோம். சரக்குத் தீர்ந்து கிடந்தது, கிடங்குக்குச் சொன்னேன், லோரி கோலகங்சாருக்குப் போய்விட்டது என்றார். அன்று பிற்பகலே லோரி கூடுதல் சரக்கோடு லிந்தாங்குக்குப் போனது. ஆர்டரிலும் உளுந்தைக் கூட்டிப் போட்டோம். விட்ட ஐந்து நாள் விட்டதுதான், அந்தக் குடும்பங்கள் பட்டணத்திலேயே வாங்கிவிட்டிருப்பார்கள். பட்டணக் கடையின் கோட்டில் கொஞ்சம் அவர்களும் இருந்திருக்கலாம், அதைப் பிரித்துச் சொல்ல எங்களிடம் தரவு இல்லை.

அந்தத் தாள் இப்போது கிடங்கு அலுவலகச் சுவரில் இருக்கிறது. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20 என்பதால், சம்பள வாரத்தை வைத்து 35 நாள் இன்னும் பொருந்துமா என்று தம்பி முன்கூட்டியே எண்ணிப் பார்த்துப் பென்சிலில் குறித்திருந்தார். லோரி அண்ணன் டி.ஓ. எழுதும்போது தோட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் எண்ணையும் எழுதுகிறார்.